ஞானவாதம்: வழிதவறிய பிள்ளையா? வெளியிலிருந்து வந்த அந்நியனா?

திருச்சபை வரலாற்றைக் கையிலெடுக்கும் எவரும் முதல் அத்தியாயங்களிலேயே ஒரு பெயரைச் சந்திக்கின்றனர். ஞானவாதம் என்பது அந்தப் பெயர். இரண்டாம் நூற்றாண்டிலே திருச்சபையை உலுக்கிய பதிதம் அது என்றும், புனித இரேனேயு போன்ற ஆயர்கள் அதை எதிர்த்து எழுதினர் என்றும் நம்மவர் பலர் மறைக்கல்வி வகுப்பிலே கேட்டிருப்பர். ஆனால் அது உண்மையிலேயே பதிதமா, அல்லது முற்றிலும் வேறான ஒரு மதமா என்ற கேள்வியை அங்கே பெரும்பாலும் எவரும் எழுப்புவதில்லை.

இவ்விரண்டும் ஒன்றல்ல. பதிதன் என்பவன் வீட்டுக்குள்ளே பிறந்து, வீட்டு உணவை உண்டு வளர்ந்து, பின்பு வழி மாறிப் போனவன். வேற்று மதத்தவனோ முதலிலிருந்தே வேறு வீட்டிலே வாழ்பவன். முன்னவனிடம், நீ பெற்றுக்கொண்டதை ஏன் மாற்றினாய் என்று கேட்கலாம். பின்னவனிடம் அப்படிக் கேட்க நமக்கு உரிமையில்லை. ஆகவே இக்கேள்வி வெறும் பெயர் சூட்டும் விவகாரமன்று. பதினெட்டு நூற்றாண்டுகளாகத் திருச்சபை சிலரைக் குறித்துச் சொல்லி வந்த தீர்ப்பு எத்தன்மையது என்பதும் இதிலே அடங்கியிருக்கிறது.

இதன் மறுபக்கத்தில் இன்னும் பாரதூரமான ஒன்றும் உண்டு. ஞானவாதம் கிறீஸ்தவத்துக்கு முன்னரே இருந்த தனி மதம் என்றால், கடன் கொடுத்தவர் யார், கடன் பட்டவர் யார் என்ற வினா எழும். வானத்திலிருந்து இறங்கி வந்து, மனிதரை மீட்டு, மீண்டும் ஏறிச் சென்ற மீட்பர் என்ற சிந்தனையை நற்செய்தியாளரான யோவான் அங்கிருந்துதான் எடுத்தார் என்று சென்ற நூற்றாண்டிலே பெரிய அறிஞர்கள் வாதாடினர். எனவே விசுவாசிகள் இதை அறிந்திருத்தல் நல்லது. அறிஞர்கள் எந்தச் சான்றுகளைக் கொண்டு வாதாடுகின்றனர் என்பதை அறிவது அதனினும் நல்லது.

அவர்கள் போதித்தது என்ன?

ஞானவாதிகள் என்று அழைக்கப்பட்ட குழுக்கள் பல. அவர்களுடைய கதைகளும் பல. எனினும் பொதுவான சாயல் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பெயர் சொல்ல முடியாத, அறிய முடியாத பரம்பொருள் இருக்கிறார். அவரிலிருந்து ஒளி நிறைந்த ஆவிகள் படிப்படியாகத் தோன்றுகின்றன. அவற்றுள் கடைசியானது ஞானம் என்னும் பெண் ஆவி. அவள் செய்த தவறினால் அறிவற்ற ஒரு கீழ்த்தெய்வம் பிறக்கிறது. நாம் வாழும் இவ்வுலகைப் படைத்தது அந்தக் கீழ்த்தெய்வமே. மனிதனுக்குள்ளே மேலுலக ஒளியின் ஒரு பொறி சிறைப்பட்டிருக்கிறது. தான் யார், எங்கிருந்து வந்தேன் என்று அந்தப் பொறி அறிந்துகொள்வதே மீட்பு. அவ்வறிவைக் கிரேக்கர் க்னோசிஸ் என்றனர்.

க்னோசிஸ் என்ற கிரேக்கச் சொல்லும், நாம் வடமொழி வழியாகப் பெற்ற ஞானம் என்ற சொல்லும் மொழியியலின்படி ஒரே வேரிலிருந்து வந்தவை. இதைக் கேட்டவுடன், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சொல்லும் நம் அயலவரின் சமயத்தோடு இதை முடிச்சுப்போட ஒருவருக்குத் தோன்றலாம். அப்படிச் செய்வது தவறு. சொல்லின் உறவு கொள்கையின் உறவாகாது. ஓர் ஒற்றுமையைக் கண்டவுடன் இதிலிருந்து அது வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. இந்த எச்சரிக்கை பின்னரும் நமக்குத் தேவைப்படும்.

எதிராளியின் சாட்சியம்

நெடுங்காலமாக ஞானவாதிகளைப் பற்றி உலகம் அறிந்தவை பெரும்பாலும் அவர்களை எதிர்த்தவர்கள் எழுதியவையே. இவர்களுள் முதன்மையானவர் லியோன் நகரின் ஆயராயிருந்த புனித இரேனேயு. 2022ஆம் ஆண்டிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அவர் ஏறக்குறைய 180ஆம் ஆண்டளவில் ஐந்து புத்தகங்கள் கொண்ட பெருநூலை எழுதினார். அவருடைய கணிப்பிலே ஞானவாதம் ஐயமின்றிப் பதிதமே. அப்போஸ்தலர் பணியின் எட்டாம் அதிகாரத்திலே வரும் மந்திரவாதி சீமோனிடமிருந்து அது தொடங்கியதாக அவர் வரிசைப்படுத்துகிறார்.

வழக்கிலே எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பது முறையன்று. அதனால் இரேனேயு சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்காதா என்று அறிஞர்கள் காத்திருந்தனர். 1896இல் கெய்றோ நகரிலே வாங்கப்பட்டு பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு பழைய புத்தகத்தினால் அந்த வாய்ப்புக் கிடைத்தது. அது எகிப்திய மொழியாகிய கொப்திக்கிலே எழுதப்பட்டது. அதில் யோவானின் இரகசிய நூல் என்ற ஒரு பகுதி இருந்தது. கார்ல் ஷ்மிட் என்ற ஜெர்மானிய அறிஞர் 1907இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். இரேனேயு தமது முதற் புத்தகத்தின் 29ஆம் அதிகாரத்திலே சுருக்கிச் சொல்லும் போதனை இந்நூலின் முற்பகுதியோடு பெரிதும் ஒத்திருந்தது. ஆயர் கற்பனை செய்யவில்லை. ஒரு நூலை அல்லது அதன் மூலத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார் என்பது இதனால் உறுதியாயிற்று. அவர் கேலி செய்கிறார், சுருக்குகிறார். ஆயினும் போதனையின் உருவம் அங்கே இருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். பெர்லின் நூலிலே அப்போஸ்தலராகிய யோவான் மனம் கலங்கி மலைப்பக்கம் போகிறார். அங்கே கிறீஸ்து தோன்றி அவருக்கு இரகசியத்தைச் சொல்கிறார். இரேனேயுவின் சுருக்கத்திலே யோவானுமில்லை, மலையுமில்லை. அந்தக் கதைச் சட்டம் பின்னர் பூட்டப்பட்டதாக இருக்கலாமோ என்ற ஐயம் இங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த ஐயத்தைத் தெளிவாகச் சோதிக்கக் கூடிய வேறொரு நூற்சோடி பின்னர் கிடைத்தது.

ஒரே பக்கத்திலே இரு நூல்கள்

1945ஆம் ஆண்டு மேல் எகிப்திலே நாக் ஹம்மாடி என்ற ஊரின் அருகே, மண்ணுக்குள் இருந்து ஒரு சாடி வெளிப்பட்டது. அதிலே தோல் அட்டையிட்ட புத்தகங்கள் இருந்தன. பதின்மூன்று புத்தகங்களின் பகுதிகள் இன்று நம்மிடம் உள்ளன. அவற்றுள் ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்கள் அடங்கியுள்ளன. எல்லாம் கொப்திக் மொழியில் உள்ளன, கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. ஒரு புத்தகத்தின் அட்டையைத் தடிப்பாக்க உள்ளே ஒட்டியிருந்த பழைய கடதாசிகளிலே 341, 346, 348 என்ற ஆண்டுகளுக்குரிய திகதிகள் காணப்பட்டன. ஆகவே அந்த அட்டை 348க்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது. எழுத்துப் பிரதியின் காலத்தை அறிஞர் எவ்வாறு கணிக்கின்றனர் என்பதற்கு இது ஓர் எளிய உதாரணம்.

இவற்றுள் மூன்றாம் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 70ஆம் பக்கத்திலே ஒரு கடிதம் தொடங்குகிறது. பேறுபெற்றவராகிய எயுக்னோஸ்தோஸ் என்ற ஆசிரியர் தம்முடையவர்களுக்கு எழுதுவது அது. 90ஆம் பக்கத்தின் நடுவே கடிதம் முடிகிறது. அதே பக்கத்திலே, அடுத்த வரிகளிலே, யேசு கிறீஸ்துவின் ஞானம் என்ற வேறொரு நூல் தொடங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவர் திகைப்பர். ஏனெனில் இரண்டாம் நூலின் பெரும்பகுதி முதலாவதன் சொற்களே!

முதலில் கடிதத்தைப் பார்ப்போம். உலகம் உண்டான நாள் முதல் பிறந்த மனிதர் யாவரும் தூசியே என்று அது தொடங்குகிறது. மெய்ஞ்ஞானிகள் இவ்வுலகின் ஒழுங்கைப் பார்த்து மூன்று விதமாகப் பேசினர். உலகம் தானாக இயங்குகிறது என்றனர் சிலர். ஒரு பராமரிப்பு அதை நடத்துகிறது என்றனர் வேறு சிலர். விதி என்றனர் மற்றவர். மூன்றும் பிழை என்கிறது கடிதம். இம்மூன்று குரல்களிலுமிருந்து தன்னை விடுவித்து, வேறொரு வழியாக உண்மைக் கடவுளை அறிக்கையிட வருபவன், சாகும் மனிதரின் நடுவே சாகாதவனாயிருக்கிறான் என்று அது சொல்கிறது. அதன்பின் சொல்லற்கரிய கடவுளைப் பற்றியும், அவரிலிருந்து தோன்றும் மேலுலகங்களைப் பற்றியும் விரிவாக விளக்குகிறது. ஆண்டின் மாதங்களும் நாட்களும் அந்த மேலுலகங்களின் சாயல் என்றும் கூறுகிறது. கடைசியிலே, போதிக்கப்படத் தேவையில்லாத ஒருவர் உங்களிடையே வெளிப்படுவார், அவர் இவற்றையெல்லாம் மகிழ்ச்சியோடும் தூய அறிவோடும் உங்களுக்குச் சொல்வார் என்று கூறி முடிக்கிறது. கிறீஸ்து என்ற பெயர் எங்குமில்லை. சிலுவை இல்லை, உயிர்ப்பு இல்லை, அப்போஸ்தலர் எவருமில்லை.

இனி மற்ற நூல். யேசு உயிர்த்த பின்னர் அவருடைய சீடர் பன்னிருவரும் பெண்கள் எழுவரும் கலிலேயாவிலே ஒரு மலைக்குப் போகின்றனர். மீட்பர் ஒளிமயமான வானதூதர் போலத் தோன்றுகிறார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். பிரபஞ்சத்தின் அடிப்படையையும் அதன் திட்டத்தையும் தேடுகிறோம் என்கிறார் பிலிப்பு. உடனே மீட்பர், உலகம் உண்டான நாள் முதல் பிறந்த மனிதர் யாவரும் தூசியே என்று தொடங்குகிறார். எயுக்னோஸ்தோஸின் கடிதம் உயிர்த்த ஆண்டவரின் வாயிலே வைக்கப்பட்டுவிட்டது.

மூன்று தத்துவக் கருத்துக்கள் வந்த இடத்தைக் கவனியுங்கள். அவற்றிலிருந்து தன்னை விடுவிப்பவனே சாகாதவன் என்று கடிதம் சொன்ன இடத்திலே, எல்லையற்ற ஒளியிலிருந்து வந்த நான் உண்மையை உங்களுக்குச் சொல்லவே இங்கே நிற்கிறேன் என்ற பொருளிலே மீட்பர் பேசுகிறார். கடிதத்திலே மனிதன் தன் சிந்தனையால் ஏறிச் செல்கிறான். இங்கே ஒருவர் மேலிருந்து இறங்கி வருகிறார். உடனே மத்தேயு குறுக்கிட்டு, உம் வழியாகவன்றி எவரும் உண்மையைக் காண முடியாதே, எங்களுக்குக் கற்பியும் என்று கேட்கிறார். மீட்பரின் மறுமொழி கடிதத்தின் அடுத்த பகுதியே. சொல்லற்கரிய கடவுளைப் பற்றிய விளக்கம் அப்படியே தொடர்கிறது.

எது முந்தியது?

இரண்டில் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. கடிதத்துக்குக் கிறீஸ்தவ உடை போர்த்தப்பட்டதா? அல்லது கிறீஸ்தவ நூலிலிருந்து கிறீஸ்துவை நீக்கிக் கடிதமாக்கினார்களா? இரண்டாவது கருத்தையும் அறிஞர் சிலர் ஒரு காலத்திலே முன்வைத்ததுண்டு. ஆனால் மார்ட்டின் க்ரவுஸ என்ற ஜெர்மானியர் 1964இல் இரு நூல்களையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டுக் கடிதமே முந்தியது என்று காட்டினார். இன்று பெரும்பாலோர் அதை ஏற்கின்றனர்.

அவர்கள் பார்ப்பது தையலை. பழைய துணியில் புதுத் துண்டு வைத்துத் தைத்தால் தையல் எங்கே என்று கை தடவியே அறியலாம். கடிதத்தை வாசிக்கும்போது வாதம் தடையின்றி ஓடுகிறது. மற்ற நூலிலே சீடர்களின் கேள்விகள் அந்த ஓட்டத்தை அங்கங்கே வெட்டுகின்றன. சில கேள்விக்கும் அதற்கு வரும் விடைக்கும் சரியான பொருத்தமில்லை. மேலும், கடிதத்திலே இல்லாமல் மற்ற நூலில் மட்டும் இருப்பவற்றை ஒருங்கே சேர்த்தால் அவை ஒரே இனமாயிருக்கின்றன. உயிர்த்த மீட்பரின் காட்சி, அவர் இறங்கி வந்த காரணம், ஒளியிலிருந்து விழுந்த துளி, அதைக் கட்டி வைத்திருக்கும் மறதி, அக்கட்டை மீட்பர் அவிழ்த்தது ஆகியன அவை. தனித்து நிற்கக் கூடிய ஒரு மூலத்தின்மேல் ஒரே நோக்கத்தோடு சேர்த்தவை இவை என்பது தெளிவு.

கடிதத்தின் கடைசி வரியும் இப்போது புது வெளிச்சம் பெறுகிறது. போதிக்கப்படத் தேவையில்லாத ஒருவர் வருவார் என்று அது சொன்னதல்லவா? வந்தவர் கிறீஸ்துவே என்று காட்டத்தான் யாரோ ஒருவர் இரண்டாம் நூலை ஆக்கியிருக்க வேண்டும். மூன்றாம் புத்தகத்தை எழுதியவரும் அதே எண்ணத்தோடுதான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார் போலும்.

அப்படியானால் தனி மதம்தானா?

கிறீஸ்து இல்லாத ஞானவாத நூல் ஒன்று இருந்தது, பின்னர் அதிலே கிறீஸ்து சேர்க்கப்பட்டார் என்றால், ஞானவாதம் முதலில் தனி மதமாயிருந்தது என்று முடித்துவிடலாமே என்று வாசகர் நினைப்பர். இங்கேதான் மூன்று இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, கிறீஸ்தவமல்லாதது வேறு, கிறீஸ்தவத்துக்கு முந்தியது வேறு. ஓர் ஊரிலே சிலுவை இல்லாத ஒரு வீட்டைக் கண்டால், அது குருமார் அவ்வூருக்கு வருமுன் கட்டப்பட்டது என்று சொல்ல முடியுமா? நேற்றுக் கட்டிய வீடாகவும் அது இருக்கலாம். எயுக்னோஸ்தோஸின் கடிதம் நமக்குக் கிடைத்திருப்பது நான்காம் நூற்றாண்டளவிலான பிரதிகளிலே. அதன் கிரேக்க மூலத்தைச் சிலர் முதலாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகின்றனர். வேறு சிலர் இரண்டாம் நூற்றாண்டிலே வைக்கின்றனர். மேலும் அக்கடிதத்திலே மனுமகன், மீட்பர், சபை ஆகிய சொற்கள் வருகின்றன. இவை பழைய ஏற்பாட்டிலும் யூத சிந்தனையிலும் இருந்து வந்திருக்கலாம். கிறீஸ்தவர்களிடம் கேட்டறிந்தவையாயும் இருக்கலாம். சொற்களை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது.

கால வரிசையைக் கவனியாமையால் வரும் கேட்டுக்கு றுடோல்ஃப் புல்ட்மனின் வாதமே உதாரணம். யோவான் நற்செய்தியின் மீட்பர் ஞானவாதக் கதையிலிருந்து வந்தவர் என்று வாதாடியவர்களுள் அவரே முதன்மையானவர். அந்தக் கதையை அவர் பெரிதும் மாந்தேயர், மானிக்கேயர் என்பாரின் நூல்களிலிருந்து பொருத்தி எடுத்தார். மாந்தேயர் ஈராக், ஈரான் நாடுகளின் ஆற்றங்கரைகளிலே வாழ்ந்து வந்த, ஸ்நாபக அருளப்பரைப் போற்றும் சிறு சமயத்தவர். 2003ஆம் ஆண்டுப் போரின் பின்னர் அவர்களிற் பெரும்பாலோர் ஈராக்கை விட்டுச் சிதறிப் போயினர். அவர்களுடைய நூற்பிரதிகள் யோவானின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. மானியோ 216ஆம் ஆண்டிலே பிறந்தவர். யோவானுக்கு முன் முழுமையான அந்த மீட்பர் கதையைச் சொல்லும் ஒரு நூலாவது இதுவரை கிடைக்கவில்லை. கார்ஸ்டன் கொல்ப 1961இல் இந்தக் கட்டடத்தின் அத்திவாரம் பலவீனமானது என்று விரிவாகக் காட்டினார். ஒற்றுமையைக் கண்டவுடன் வேரைச் சொல்லிவிடக் கூடாது என்று மேலே எச்சரித்தது இதற்காகவே.

இரண்டாவது, கிறீஸ்துவின் பெயர் இல்லாமையும் எப்போதும் தெளிவான சான்றாகாது. அதே நாக் ஹம்மாடியிலே ஆதாமின் வெளிப்பாடு என்றொரு நூல் கிடைத்தது. அதிலே கிறீஸ்துவின் பெயரில்லை. ஆனால் அறிவொளி தருபவர் ஒருவர் வருகிறார். தூய ஆவி தங்கியிருக்கும் அம்மனிதரின் உடலை உலகின் ஆட்சியாளர் தண்டிக்கின்றனர். இது பழைய ஏற்பாட்டின் துன்புறும் நீதிமானா, அல்லது பெயர் சொல்லாமற் சுட்டப்பட்ட நம் ஆண்டவரா? அறிஞர்கள் இரு பக்கமாகப் பிரிந்து நிற்கின்றனர்.

மூன்றாவது, புத்தகம் வேறு, அதை வைத்திருந்த சபை வேறு. இதற்குக் கிறீஸ்தவரல்லாத ஒருவரின் சாட்சியம் நம்மிடமுண்டு. அவர் போர்பிரி என்ற தத்துவ ஞானி. கிறீஸ்தவர்களுக்கு எதிராகவே எழுதியவர். 263ஆம் ஆண்டிலே உரோமாபுரிக்கு வந்து புளோட்டினுஸ் என்ற பேராசானிடம் மாணவராய்ச் சேர்ந்தார். தம் ஆசானின் வாழ்க்கை வரலாற்றிலே, அக்காலத்துக் கிறீஸ்தவர்களைப் பற்றிப் பேசும் இடத்திலே, பழைய தத்துவத்திலிருந்து புறப்பட்ட பிரிவினர் சிலரைக் குறிப்பிடுகிறார். அவர்கள் சொஸ்திரியானோஸ், அல்லோகெனேஸ் முதலியோரின் பெயரால் வெளிப்பாட்டு நூல்களை வைத்திருந்தனர் என்கிறார். புளோட்டினுஸே அவர்களை மறுத்து எழுதினார்.

இப்பெயர்களைக் கொண்ட இரு நூல்கள் நாக் ஹம்மாடியிலே கிடைத்தன. அவற்றிலே கிறீஸ்தவச் சாயலைக் காண்பது அரிது; பிளேட்டோவின் தத்துவமே மேலோங்கி நிற்கிறது. நூல்களை மட்டும் கண்டவர் இவை கிறீஸ்தவத்தோடு தொடர்பற்ற ஒரு மதத்தினுடையவை என்றே சொல்லியிருப்பர். ஆனால் அவற்றை வைத்திருந்தவர்களை நேரிலே அறிந்த போர்பிரி, கிறீஸ்தவர்களைப் பற்றிப் பேசும்போதே அவர்களைப் பேசுகிறார். அவருடைய கிரேக்க வசனத்தை இருவிதமாகப் பொருள்கொள்ளலாம் என்பது உண்மையே. அவர்களும் கிறீஸ்தவரே என்பது ஒரு பொருள். கிறீஸ்தவர்களோடு சேர்ந்து திரிந்த வேறொரு பிரிவினர் என்பது மற்றது. எனினும் நூலிலே கிறீஸ்து இல்லை என்பதால் அதை வாசித்தவரிடமும் கிறீஸ்து இல்லை என்று சொல்ல முடியாது என்பது இதனாற் புலனாகிறது. நாக் ஹம்மாடிப் புத்தகமொன்றிலே பிளேட்டோவின் குடியரசு நூலின் ஒரு துண்டும் இருந்ததே! அதை வைத்திருந்தவர்களைப் பிளேட்டோவின் மதத்தவர் என்று எவரும் சொல்வதில்லை.

இரு கேள்விகளைப் பிரித்துப் பார்த்தல்

ஞானவாதம் என்பதற்கு ஒரு பொது வரைவிலக்கணம் காண 1966ஆம் ஆண்டிலே இத்தாலியின் மெசீனா நகரிலே அறிஞர்கள் கூடினர். அங்கே கண்ட வரைவிலக்கணமும் நிலைக்கவில்லை. அமெரிக்கரான மைக்கல் வில்லியம்ஸ் 1996இலும், கரன் கிங் 2003இலும் எழுதிய நூல்களிலே, ஞானவாதம் என்ற ஒற்றைப் பொருள் உண்மையில் இருந்ததா என்றே கேட்டனர். பல்வேறு குழுக்களையும் நூல்களையும் ஒரே கடகத்திலே போட்டுப் பெயரிட்டவர்கள் பிற்காலத்தவரே என்பது அவர்களுடைய வாதம். இதில் உண்மையுண்டு. ஆகவே ஞானவாதம் முழுவதையும் குறித்து ஒரே தீர்ப்புச் சொல்வதை விட்டு, ஒவ்வொரு குழுவாக, ஒவ்வொரு நூலாகப் பார்ப்பதே இன்று முறையாயிற்று.

அப்படிப் பார்த்தால் இரு முனைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு முனையிலே வாலந்தீனுஸ் என்பவர். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே உரோமாபுரியிலே போதித்தவர். ஆயர் பதவியையே அவர் எதிர்பார்த்திருந்ததாகத் தெர்த்துல்லியன் எழுதுகிறார். அவருடைய சீடர்கள், நாங்களும் உங்களைப் போலவே பேசுகிறோமே, எங்களை ஏன் பதிதர் என்று ஒதுக்குகிறீர்கள் என்று முறையிட்டதை இரேனேயுவே பதிவு செய்திருக்கிறார். வேற்று மதத்தவன் இவ்வாறு முறையிட மாட்டான். வீட்டுக்குள் இருப்பவனே இப்படிக் கேட்பான். மற்ற முனையிலே மானி. அவருக்குத் தனி வேதம், தனிச் சபை, தனி நோன்பு எல்லாம் இருந்தன. அவருடைய சமயம் சீனாவரை பரவியது. புனித அகுஸ்தீன் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அதிலே இருந்தார். ஆனால் அந்த மானியும், கிறீஸ்தவத் தொடர்புடைய ஒரு யூத ஸ்நானக் குழுவுக்குள்ளேயே வளர்ந்தவர் என்பதைக் கொலோன் நகரிலுள்ள ஒரு சிறு கிரேக்கப் புத்தகம் 1970ஆம் ஆண்டு முதல் நமக்குக் காட்டியிருக்கிறது. உள்ளிருந்து புறப்பட்டது வெளியே தனி மதமாகலாம் என்பதற்கு அவர் சான்று.

வெளியே பிறந்தது உள்ளே வந்து பதிதமாகலாம் என்பதற்கு எயுக்னோஸ்தோஸின் கடிதம் சான்று. ஒரு தத்துவ ஆசிரியர் தம் மாணவருக்கு, கடவுள் சொல்லற்கரியவர், அவரிலிருந்து மேலுலகங்கள் தோன்றின என்று எழுதினால், அது அவருடைய கருத்து. திருச்சபை அதனோடு உடன்படாதிருக்கலாம். ஆனால் அவரைப் பதிதர் என்று சொல்வதற்கில்லை. அதே வசனங்களை உயிர்த்த ஆண்டவரின் வாயிலே வைத்து, இதுவே அவர் சீடருக்கு இரகசியமாகத் தந்த நற்செய்தி என்று சபையிலே வாசித்தால், அப்பொழுது அது பதிதப் போதனையாகிறது. மாறியது வசனமன்று, யார் பெயரால் அது சொல்லப்படுகிறது என்பதே.

எனவே, தனி மதமா பதிதமா என்பதிலே இரு வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இது எங்கிருந்து வந்தது என்பது வரலாற்றாசிரியரின் கேள்வி. அதற்குக் கையெழுத்துப் பிரதிகளும், திகதிகளும், தையல்களும், வெளியார் சாட்சியமுமே விடையளிக்க வேண்டும். விசுவாசம் அங்கே விடையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க முடியாது. இது கிறீஸ்துவிடமிருந்து நாம் பெற்றதுதானா என்பது ஆயரின் கேள்வி. இரேனேயுவின் மக்கள் அவரிடம் கேட்டது அதையே. வேரைக் குறித்து, எல்லாம் சீமோனிடமிருந்து வந்தது என்று அவர் போட்ட வரிசையை இன்று எந்த வரலாற்றாசிரியரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் இவ்வுலகம் அறியாமையின் படைப்பு, நம் உடல் ஒரு சிறை, மீட்பு அறிந்த சிலருக்கு மட்டுமே என்ற போதனை அப்போஸ்தலர் தந்ததல்ல என்று அவர் சொன்னது அந்த வரிசையிலே தங்கியிருக்கவில்லை. விண்ணையும் மண்ணையும் படைத்தவரும் நம் ஆண்டவரின் தந்தையும் ஒருவரே என்று ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும்போது, அந்த இரண்டாம் கேள்விக்கான விடையையே நாமும் சொல்கிறோம்.